பெரிய பராமரிப்புக் கையேடு: எதை எந்திரத்துக்கு விடுவது, எதைக் கையால் மொழிபெயர்ப்பது?

இளவேனில்:

ஸ்க்ரூ வகை ஏர் கம்ப்ரஸர் ஒன்றின் பராமரிப்புக் கையேட்டை ஆங்கிலத்திலிருந்து தமிழுக்குக் கொண்டுவரும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. மொத்தம் சுமார் 84,000 சொற்கள். தோராயமாகப் பிரித்தால் பாதுகாப்பு அத்தியாயம் 6,000, இயந்திரம் எப்படி வேலை செய்கிறது என்ற விளக்கம் 20,000, பராமரிப்புப் படிகள் 24,000, கோளாறு கண்டறியும் அட்டவணைகள் 8,000, உதிரிபாகப் பட்டியல் 18,000, திரையில் வரும் செய்திகள் 3,000, உத்தரவாத நிபந்தனைகள் 5,000.

மூன்று பேர் இருக்கிறோம். முழுவதையும் கையால் செய்ய நேரம் போதாது. பாதுகாப்பையும் உத்தரவாதத்தையும் கையால் மொழிபெயர்த்துவிட்டு, மற்றதை எந்திர மொழிபெயர்ப்பில் ஓட்டி, வருவதைப் பின்திருத்தம் செய்வதாகத் திட்டம். இந்தப் பிரிப்பு சரியா?

இன்னொரு சிக்கலும் உண்டு. பின்திருத்தம் செய்யும் இருவரில் ஒருவர் ஒவ்வொரு வாக்கியத்தையும் தன் நடைக்கு மாற்றுகிறார். மற்றவர் கிட்டத்தட்ட எதையும் தொடாமல் அனுப்பிவிடுகிறார். இருவருக்கும் பொதுவாக என்ன விதி கொடுக்கலாம்?

கதிர்:

பிரிக்கவே வேண்டாம் என்பது என் கருத்து. முழுவதையும் எந்திரத்தில் ஓட்டுங்கள், முழுமையாகப் பின்திருத்தம் செய்யுங்கள். எப்படியும் ஒரு மனிதர் ஒவ்வொரு வாக்கியத்தையும் படிக்கத்தானே போகிறார்? அப்புறம் பாதுகாப்பு அத்தியாயத்துக்கு மட்டும் தனி வழி எதற்கு? இப்போது வரும் எந்திரத் தமிழ் முன்பைப் போலக் கரடுமுரடாக இல்லை, நன்றாகவே ஓடுகிறது.

யாழினி:

கதிர், நன்றாக ஓடுவதுதான் எனக்குக் கவலை. பழைய எந்திரங்கள் தப்பு செய்தால் வாக்கியமே உடைந்து கிடக்கும், கண்ணுக்கு உடனே தெரியும். இப்போது தப்பான வாக்கியமும் சரளமாக இருக்கிறது. திருத்துபவர் தமிழை முதலில் படித்து “சரியாகத்தான் இருக்கிறது” என்று நினைத்துவிட்டால், அதன் பிறகு மூலத்தை அந்த எண்ணத்தோடுதான் பார்ப்பார். ஒருவர் படித்தார் என்பதாலேயே பிழை பிடிபட்டுவிடும் என்று சொல்ல முடியாது.

இளவேனில், உங்கள் திட்டத்தில் எனக்கு உறுத்துவது வேறு. நீங்கள் அத்தியாயம் அத்தியாயமாகப் பிரிக்கிறீர்கள். ஆனால் ஆபத்து பாதுகாப்பு அத்தியாயத்தோடு நின்றுவிடுவதில்லை. அந்த 24,000 சொல் பராமரிப்புப் படிகளைத் திறந்து பாருங்கள். எண்ணெய் மாற்றும் பகுதியில், ஏழாவது படிக்கு நடுவே, அழுத்தமானி பூஜ்யம் காட்டும் வரை எண்ணெய் மூடியைத் திறக்கக் கூடாது என்று ஒரு வரி இருக்கும். கையேட்டிலேயே மிக முக்கியமான வரி அதுதான். உள்ளே அழுத்தம் இருக்கும்போது மூடியைக் கழற்றினால் சூடான எண்ணெய் முகத்தில் பீய்ச்சி அடிக்கும். உங்கள் திட்டப்படி அந்த வரி எந்திரத்துக்குப் போகிறது.

இதில் தமிழுக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு. “வரை” வந்து அதோடு எதிர்மறையும் வரும்போது, முழு எச்சரிக்கையும் கடைசி வினைச்சொல்லில் தொங்குகிறது. “பூஜ்யம் காட்டும் வரை மூடியைத் திறக்க வேண்டாம்” என்பதில் கடைசிச் சொல் பிசகினால் பொருள் தலைகீழாகிவிடும். நீளமான வாக்கியத்தில் கண் அந்தக் கடைசிச் சொல்லுக்குப் போவதற்குள் மூளை அதை ஊகித்து முடித்திருக்கும்.

அதனால் அத்தியாயமாகப் பிரிக்காமல் வாக்கிய வகையாகப் பிரியுங்கள். ஒவ்வொரு வகையைப் பற்றியும் இரண்டே கேள்விகள். இது தப்பாகிப் போனால் யாருக்கு என்ன ஆகும்? இந்த வாக்கியம் தனியாக நின்றால் பொருள் தெரிகிறதா, அல்லது பக்கத்தில் படமோ கட்டமோ இருந்தால்தான் தெரிகிறதா? முதல் கேள்விக்குக் காயம் அல்லது வழக்கு என்று பதில் வந்தால் கைதான். இரண்டாவதற்குத் தனியாக நிற்காது என்று பதில் வந்தால் எந்திரம் அங்கே நேரத்தை மிச்சப்படுத்தாது.

வேந்தன்:

நானும் இதைத்தான் தேடிக்கொண்டிருந்தேன். தமிழுக்கு எந்த எந்திரம் சிறந்தது என்று யாராவது சொல்ல முடியுமா? இரண்டு மூன்றை ஒப்பிட்டுப் பார்த்தவர்கள் இருக்கிறீர்களா?

யாழினி:

வேந்தன், இங்கே கேள்வி அதுவல்ல. ஆனாலும் சொல்கிறேன். ஒரு கையேட்டில் நன்றாக வந்த எந்திரம் இன்னொன்றில் சறுக்கும். உங்கள் கோப்பிலிருந்து ஒவ்வொரு வகையிலும் சில பக்கங்களை எடுத்து ஓட்டிப் பார்ப்பதைவிட நம்பகமான வழி எனக்குத் தெரியவில்லை.

செல்வராணி:

என் அனுபவம் கம்ப்ரஸர் இல்லை, ஒரு நிறுவனத்தின் ஊழியர் விதிமுறைத் தொகுப்பு. அதில் எங்களைப் பாடாய்ப் படுத்தியது “நாம்” - “நாங்கள்” குழப்பம். நிறுவனம் தன்னைப் பற்றிப் பேசும்போது “நாங்கள்”, ஊழியரையும் சேர்த்துச் சொல்லும்போது “நாம்”. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல். எந்திரம் ஒரு பத்தியில் இதையும் அடுத்த பத்தியில் அதையும் போட்டது. தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொரு வாக்கியமும் சரி. சேர்த்துப் படித்தால், விடுப்பை ரத்து செய்யும் உரிமை ஊழியருக்கும் இருப்பது போல ஒலித்தது! உங்கள் உத்தரவாதப் பகுதியிலும் இது வரும். கையால் செய்ய முடிவெடுத்தது நல்லது.

இளவேனில்:

நன்றி செல்வராணி, உத்தரவாதத்தில் “நாங்கள்” மட்டும்தான் என்று குறித்துக்கொள்கிறேன்.

யாழினி அக்கா, வாக்கிய வகையாகப் பிரிப்பது புரிகிறது. நடைமுறையில் எப்படிச் செய்வது? 24,000 சொற்களைப் படித்துப் பார்த்து எச்சரிக்கைகளைப் பொறுக்குவதென்றால் அதுவே பெரிய வேலையாகிவிடுமே.

யாழினி:

மூலக் கோப்பு எந்த வடிவத்தில் இருக்கிறது என்று பாருங்கள். எக்ஸ்எம்எல் வகையாக இருந்தால் எச்சரிக்கைகள் பெரும்பாலும் `<note type="warning">` போன்ற குறிக்குள் இருக்கும். வேர்டு கோப்பாக இருந்தால் அவற்றுக்கென்று தனிப் பத்தி ஸ்டைல் இருக்கும். இரண்டிலும் சில நிமிடங்களில் பிரித்தெடுத்துவிடலாம். இது முதல் சல்லடை.

குறி போடாமல் படிகளுக்குள் ஒளிந்திருப்பவை மிச்சம். அவற்றுக்கு மூலத்தில் எதிர்மறைச் சொற்களையும் நிபந்தனைச் சொற்களையும் தேடுங்கள்:

```
grep -n -i -w -E "not|never|no|without|unless|until|only|before" steps.txt
```

தேவையில்லாத வரிகளும் நிறைய வரும், பரவாயில்லை. அந்தப் பட்டியலை ஒருவர் உட்கார்ந்து படித்து, “இது தப்பானால் காயம்” என்று தோன்றுவதையெல்லாம் முதல் குவியலில் சேர்க்கட்டும். முழுக் கையேட்டையும் படிப்பதைவிட இது எவ்வளவோ குறைவு.

வேலையின் வரிசையும் முக்கியம். கையால் செய்ய வேண்டியவற்றை முதலில் முடித்துவிடுங்கள். இந்த மாதிரிக் கையேட்டில் ஒரே எச்சரிக்கை இருபது இடத்தில் திரும்ப வரும். ஒருமுறை கவனமாக மொழிபெயர்த்து மொழிபெயர்ப்பு மெமரியில் ஏற்றிவிட்டால், பிறகு படிகள் வரும்போது அது நூறு சதவீதப் பொருத்தமாகத் தானே வந்து அமர்ந்துகொள்ளும். அந்த வரி எந்திரத்தின் பக்கமே போகாது. எந்திரத்தை முதலில் ஓட்டினால் ஒரே எச்சரிக்கை இருபது விதமாக வந்து நிற்கும்.

அபாயம், எச்சரிக்கை, கவனம் என்ற தலைப்புச் சொற்களையும் இப்போதே நிலைநிறுத்திவிடுங்கள். ஏஎன்எஸ்ஐ இசட்535 வழியில் எழுதிய கையேடு என்றால் அவை அலங்காரத்துக்காக வரவில்லை. முதலாவது, தவிர்க்காவிட்டால் உயிரிழப்போ கடுங்காயமோ நிச்சயம் ஏற்படும் என்பது. இரண்டாவது, ஏற்படக்கூடும் என்பது. மூன்றாவது, சிறிய அல்லது மிதமான காயம். பொருள் சேதம் மட்டும் என்றால் நான்காவதாக வேறொரு சொல் உண்டு. எந்திரம் இவற்றைக் கலந்துகட்டி எல்லாவற்றையும் “எச்சரிக்கை” ஆக்கிவிட வாய்ப்பு உண்டு. தொழிலாளிக்குப் போய்ச் சேர வேண்டிய படிநிலையே அதில் காணாமல் போய்விடும்.

கதிர்:

எதிர்மறை தவறிப்போவதுதான் பயம் என்றால் அதையும் தானியங்கிச் சோதனையில் பிடித்துவிடலாமே. மூலத்தில் எதிர்மறைச் சொல் இருந்து, தமிழில் எதிர்மறை விகுதி இல்லாவிட்டால் கொடி காட்டச் சொல்லலாம்:

```python
neg_en = re.compile(r"\b(not|never|without|unless)\b", re.I)
neg_ta = re.compile(r"ல்லை|வேண்டாம்|ாமல்|ாத")
if neg_en.search(src) and not neg_ta.search(tgt):
    print(seg_id, src, tgt)
```

“ாத” போட்டால் கூடாது, முடியாது, திறக்காதீர்கள் எல்லாமே அடங்கிவிடும். எண்களுக்கும் இப்படியே, இருபக்கமும் எண்களை எடுத்து ஒப்பிட்டால் போதும்.

யாழினி:

எண் சோதனை கட்டாயம் வேண்டும். இறுக்க விசையில் 35 என்பது 53 ஆனால் போல்ட் முறிந்துவிடும், அதைக் கண்ணால் பிடிப்பது கடினம். அதில் உங்களோடு முழுக்க ஒத்துப்போகிறேன்.

எதிர்மறைச் சோதனையை மட்டும் இந்தக் கையேட்டில் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். “பாதுகாப்பு” என்ற சொல்லுக்குள் “ாத” இருக்கிறது. “சாதனம்” உள்ளேயும் இருக்கிறது, “பாதிப்பு”, “சாதாரண” எல்லாவற்றிலும் இருக்கிறது. பாதுகாப்பு வரிகளில்தான் இந்தச் சொற்கள் அதிகம் வரும். சரியாக எந்த வரிகளில் சோதனை கத்த வேண்டுமோ அங்கே அது வாயை மூடிக்கொண்டிருக்கும். கொடி எதுவும் வரவில்லை என்று நீங்களும் நிம்மதியாக இருப்பீர்கள்.

கதிர்:

அட, ஆமாம். அந்தச் சொற்களை முதலில் நீக்கிவிட்டுத் தேடினால்?

யாழினி:

செய்யலாம், ஓரளவு முன்னேறும். ஆனால் எதிர்மறை தவறான வினையில் போய் ஒட்டியிருந்தால் அப்போதும் தெரியாது. “மின்சாரத்தைத் துண்டிக்காமல் மூடியைத் திறக்காதீர்கள்” என்பதில் இரண்டு எதிர்மறை. ஒன்று விழுந்தாலும் சோதனை தேறிவிடும். அதனால்தான் மூலத்தில் எதிர்மறை இருக்கிற வரிகளை மட்டும் தனிப் பட்டியலாக்கி, இரண்டு மொழியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு மனிதர் படிக்கட்டும் என்கிறேன். எந்திரம் வரிகளைத் திரட்டித் தரட்டும். தீர்ப்பு சொல்வது ஆளின் வேலை.

இளவேனில்:

யாழினி அக்கா சொன்னபடி ஒரு சிறு சோதனை செய்தோம். ஒவ்வொரு வகையிலும் பத்துப் பக்கம் எடுத்து, ஐந்தைக் கையாலும் ஐந்தை எந்திரம் வழியாகவும் ஒரே ஆள் செய்தார். நேரம் குறித்துக்கொண்டோம்.

விளக்க அத்தியாயத்தில் எந்திர வழிக்கு ஏறக்குறைய பாதி நேரம்தான் ஆனது. முழு வாக்கியங்கள், காற்று எங்கே நுழைகிறது, எண்ணெய் எங்கே பிரிகிறது என்று வரிசையாகப் போகும் எழுத்து. எச்சரிக்கை நீங்கலான பராமரிப்புப் படிகளில் ஓரளவு மிச்சம். கோளாறு அட்டவணையில்தான் ஆச்சரியம், எந்திர வழி கையைவிட அதிக நேரம் எடுத்தது. கட்டத்துக்குள் இரண்டு மூன்று சொல்தான் இருக்கிறது. காரணம் என்ற பத்தியில் இருக்கிறதா, தீர்வு என்ற பத்தியில் இருக்கிறதா என்பது எந்திரத்துக்குத் தெரியவில்லை. செக் வால்வ் என்ற பாகத்தின் பெயர் “வால்வைச் சரிபார்க்கவும்” என்று கட்டளையாக வந்திருந்தது. அதுவும் காரணப் பத்தியில்!

யாழினி:

அட்டவணை அப்படித்தான் இருக்கும். துண்டுச் சொற்களுக்கு எந்திரம் ஊகம்தான் செய்ய முடியும், ஊகத்தைத் திருத்துவது புதிதாக எழுதுவதைவிட மெதுவான வேலை. கோளாறு அட்டவணையைக் கைக்கு மாற்றுங்கள்.

உதிரிபாகப் பட்டியல் 18,000 சொல் என்று பயமுறுத்துகிறது. ஆனால் அதை ஒரு விரிதாளில் போட்டு, திரும்ப வருவதை நீக்கிப் பாருங்கள். வாஷர், கேஸ்கட், ஓ-ரிங் என்று அதே பெயர்கள் வெவ்வேறு எண்ணோடு வரிசை கட்டி நிற்கும். தனித்த பெயர்கள் மிகக் குறைவாகவே இருக்கும். அதை மொழிபெயர்ப்பு வேலையாக நினைக்காதீர்கள், கலைச்சொல் பட்டியலாக நினையுங்கள். முதலில் அதை முடித்தால் மற்ற எல்லா அத்தியாயங்களுக்கும் அதுவே ஆதாரம். பாக எண்களையும் மாடல் குறியீடுகளையும் எந்திரம் தொடாதபடி பூட்டிவிடுங்கள். எக்ஸ்லிஃப் 1.2 என்றால் இப்படி:

```xml
<trans-unit id="p88" translate="no">
<trans-unit id="w17" approved="yes">
```

முதலாவது மொழிபெயர்க்கவே கூடாத வரி, இரண்டாவது மொழிபெயர்த்து ஒப்புதலும் ஆன வரி. உங்கள் மென்பொருள் இவற்றை மதித்துப் பூட்டுகிறதா என்று இரண்டு வரியில் சோதித்துவிட்டு நம்புங்கள்.

திரைச் செய்திகளுக்கு முன் ஒரு கேள்வி. கம்ப்ரஸரின் திரையே தமிழில் வரப்போகிறதா?

இளவேனில்:

இல்லை அக்கா, திரை ஆங்கிலத்தில்தான் இருக்கும்.

யாழினி:

அப்படியானால் `UNLOAD` என்று திரையில் தெரிவதைக் கையேட்டிலும் அப்படியே வையுங்கள், பக்கத்தில் தமிழில் விளக்கம் கொடுங்கள். திரையில் இல்லாத தமிழ்ச் சொல்லைத் தேடிக்கொண்டு இயந்திரத்தின் முன் ஒருவர் நிற்கக் கூடாது. 3,000 சொல்லில் பெரும்பகுதி இதிலேயே கழிந்துவிடும்.

வேந்தன்:

திருத்துபவர்களுக்கான விதியைப் பற்றி இன்னும் யாரும் பேசவில்லையே. எனக்கும் அதுதான் வேண்டும். என்னிடம் வேலை செய்பவர் எல்லாவற்றையும் திருப்பி எழுதுகிறார்.

யாழினி:

விதி குறைவாக இருந்தால்தான் கடைப்பிடிப்பார்கள். நான் கொடுப்பது இதுதான்.

மூலத்தை முதலில் படி, பிறகு தமிழைப் படி. இந்த வரிசை மாறக் கூடாது. மாற்றுவதற்கு ஐந்து காரணங்களை மட்டுமே ஏற்பேன்: பொருள் தவறு அல்லது ஏதாவது விடுபட்டது, கூடியது. கலைச்சொல் பட்டியலோடு பொருந்தாதது. எண், அலகு, குறியீடு பிசகியது. இலக்கணப் பிழை. கடைசியாக, ஒரே வாசிப்பில் தொழில்நுட்பருக்குப் புரியாதது. “நான் இப்படி எழுதமாட்டேன்” என்பது காரணமில்லை. எல்லாவற்றையும் திருப்பி எழுதுபவரிடம், ஒரு நாள் அவர் செய்த மாற்றங்களில் பத்தை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் இந்த ஐந்தில் எது காரணம் என்று எழுதித் தரச் சொல்லுங்கள். பேச வேண்டியதெல்லாம் அதிலேயே வெளிவந்துவிடும்.

தொடாமல் அனுப்புபவருக்கு இன்னொரு விதி. வாக்கியத்தை எப்படிச் சரிசெய்வது என்று உடனே தெரியவில்லை என்றால் அதை அழித்துவிட்டு மூலத்திலிருந்து நேராக எழுத வேண்டும். எந்திரம் கொடுத்ததை ஒட்டுப்போட்டுக் காப்பாற்ற முயல்வதில்தான் நேரமும் போகும், விசித்திரமான தமிழும் பிறக்கும். அவர் செய்த பகுதியில் ஒரு மாற்றமும் இல்லாத வரிகளைத் தனியாக எடுத்து வேறொருவரிடம் படிக்கக் கொடுங்கள். அவை உண்மையிலேயே சரியாக இருந்தால் சந்தோஷம்.

நடையில் ஒன்றே ஒன்றை மட்டும் முன்கூட்டியே முடிவு செய்துவிடுங்கள். கட்டளை “திறக்கவும்” என்று முடியுமா, “திறங்கள்” என்று முடியுமா? எந்திரம் இரண்டையும் கலந்து தரும். இதைத் திருத்துபவரின் விருப்பத்துக்கு விட்டால் பக்கத்துக்குப் பக்கம் குரல் மாறும்.

செல்வராணி:

ஒரு சந்தேகம். லேசான பின்திருத்தம், முழுமையான பின்திருத்தம் என்று இரண்டு வகை சொல்கிறார்களே. விளக்க அத்தியாயத்துக்கு லேசானதே போதாதா? அதைப் பெரும்பாலும் யாரும் வரிவரியாகப் படிக்கப் போவதில்லை.

யாழினி:

லேசானது என்றால் பொருள் சரியாக இருந்தால் போதும், நடையைத் தொடாதே என்பது. நிறுவனத்துக்குள் ஒருமுறை படித்துவிட்டுத் தூக்கிப்போடும் அறிக்கைக்கு அது பொருந்தும். அச்சாகி இயந்திரத்தோடு வருடக்கணக்கில் கிடக்கப்போகும் கையேட்டுக்குப் போதாது என்பது என் எண்ணம். பின்திருத்தத்துக்கான தரநிலையான ஐஎஸ்ஓ 18587:2017 பேசுவதும் முழுமையான வகையைப் பற்றித்தான். ஆள் மொழிபெயர்த்ததற்கு இணையாக வர வேண்டும், அதே நேரம் எந்திரம் கொடுத்ததில் முடிந்தவரை பயன்படுத்திக்கொள்ள வேண்டும் என்கிறது.

இளவேனில், வாடிக்கையாளர் மொழிபெயர்ப்புச் சேவைகளுக்கான ஐஎஸ்ஓ 17100 படி செய்து தரச் சொல்லியிருக்கிறாரா என்று ஒப்பந்தத்தைப் பாருங்கள். எந்திரம் ஓட்டிப் பின்திருத்தம் செய்தது அந்தத் தரநிலையின் வரம்புக்குள் வராது. அப்படி ஒரு வரி ஒப்பந்தத்தில் இருந்தால், எந்திரத்தைத் தொடுவதற்கு முன்பே அவரிடம் பேசிவிடுவது நல்லது.

கதிர்:

விளக்க அத்தியாயம் விஷயத்தில் நான் செல்வராணி பக்கம். 20,000 சொல்லுக்கு முழுப் பின்திருத்தம் செய்கிற நேரத்தை எச்சரிக்கை வரிகளுக்கு இரண்டாவது வாசிப்பாகக் கொடுத்தால் இன்னும் பயன். நேரம் அளவாகத்தானே இருக்கிறது?

யாழினி:

அந்தக் கணக்கு நியாயமானதுதான். ஆனால் பராமரிப்புப் படிகள் “பிரிவு 3.2 பார்க்கவும்” என்று விளக்க அத்தியாயத்துக்கே திருப்பி அனுப்பும். அப்படிச் சுட்டப்படும் பிரிவுகளையாவது முழுமையாகச் செய்ய வேண்டும். மீதிக்கு லேசானதா முழுமையானதா என்பதில் எனக்கு உங்களோடு உடன்பாடு இல்லை, ஆனாலும் அது ஒருங்கிணைப்பவர் எடுக்க வேண்டிய முடிவு.

இளவேனில்:

ஒப்பந்தத்தைப் பார்த்தேன், 17100 பற்றி எதுவும் இல்லை. ஆனால் “எந்திர மொழிபெயர்ப்பு” பற்றியும் ஒரு வரி இல்லை. எதை எந்திரத்தில் ஓட்டுகிறோம் என்ற பட்டியலோடு அவருக்கு எழுதிக் கேட்கப் போகிறேன்.

இப்போதைய வரிசை இது. உதிரிபாகப் பெயர்கள், பிறகு எச்சரிக்கைகள், உத்தரவாதம், கோளாறு அட்டவணை எல்லாம் கையால். அதன் பிறகு விளக்கமும் மீதிப் படிகளும் எந்திரத்துக்கு. சுட்டப்படும் பிரிவுகளைக் குறித்துக்கொள்கிறேன், மற்றதற்கு லேசானதா முழுமையானதா என்பதை இன்னும் முடிவு செய்யவில்லை.

ஒன்று மட்டும் பாக்கி. பின்திருத்தம் செய்பவருக்குச் சொல் கணக்கில் கொடுப்பதா, மணிக் கணக்கிலா? சொல் கணக்கில் கொடுத்தால் தொடாமல் அனுப்புபவருக்குத்தான் லாபம்.

செல்வராணி:

நாங்கள் மணிக் கணக்குக்கு மாறினோம். உடனே திருப்பி எழுதுபவர் இன்னும் அதிகமாகத் திருப்பி எழுத ஆரம்பித்தார்.

யாழினி:

இரண்டிலும் ஓட்டை இருக்கிறது. முதல் வாரம் மணிக் கணக்கில் கொடுத்து, ஒவ்வொரு வகைக்கும் உண்மையில் எவ்வளவு நேரம் ஆகிறது என்று பாருங்கள். பிறகு அந்த வகைக்கென்று தனிச் சொல் விலை வையுங்கள். விளக்க அத்தியாயத்துக்கும் பராமரிப்புப் படிகளுக்கும் ஒரே விலை வைத்தால் படிகளை எடுக்க யாரும் வரமாட்டார்கள்.